குரூப் 4 பொது அறிவு: பழைய தாளில் எதை எண்ணுவது, எதை விடுவது?

"குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்குத் தினமும் ஷூ கம்பெனி வேலைக்குப் போய் வருகிறேன். ராத்திரி இரண்டு மணி நேரம்தான் படிக்கக் கிடைக்கிறது. பத்து வருட குரூப் 4 தாள்களை எடுத்துப் பொது அறிவுக் கேள்விகளை எண்ணிப் பார்த்தேன். அறிவியலும் நடப்பு நிகழ்வுகளும்தான் அதிகமாக வந்திருக்கின்றன. அதற்கே அதிக நேரம் கொடுக்கலாமா? எண்ணியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

கொடுக்க வேண்டாம். நீங்கள் எண்ணியதில் பிழை இருக்காது. எண்ண எடுத்துக்கொண்ட தாள்களில்தான் சிக்கல்.

2025 ஜூலை தேர்வுக்கு வந்த பாடத்திட்டத்தில் அலகு வாரியாக எத்தனை வினா என்று தேர்வாணையமே எழுதிக் கொடுத்துவிட்டது. பொது அறிவின் 75 வினாக்களில் பொது அறிவியலுக்கு 5, புவியியலுக்கு 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் சேர்ந்து 10, ஆட்சியியலுக்கு 15, இந்தியப் பொருளாதாரமும் தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகமும் சேர்ந்து 20, தமிழ்நாட்டு வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்களுக்கு 20. இந்த 75க்கு வெளியே திறனறிவுக்கு 25. நடப்பு நிகழ்வுகளுக்கு முன்பு தனி அலகு இருந்தது, இப்போது இல்லை. ஆகவே எந்த அலகுக்கு எவ்வளவு என்ற கேள்விக்குப் பழைய தாளைப் புரட்டத் தேவையே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஐந்து அறிவியல் புத்தகங்களையும் முழுதாக முடித்தாலும் கிடைக்கக்கூடியது 5 வினா, அதாவது ஏழரை மதிப்பெண்.

அப்படியானால் பழைய தாள் எதற்கு? ஓர் அலகுக்குள் எந்தத் தலைப்பு, எந்த ஆழத்தில், எந்த விதத்தில் கேட்கப்படுகிறது என்று பார்க்கத்தான். அதற்குப் பத்து வருடத் தாள் வேண்டாம். 2022 ஜூலை, 2024 ஜூன், 2025 ஜூலை ஆகிய மூன்று குரூப் 4 தாள்கள் போதும். மூன்றிலும் சேர்த்துப் பொது அறிவு வினாக்கள் 225. குரூப் 2 தாள்களை இதில் கலக்காதீர்கள். அது பட்டப்படிப்புத் தரம், அங்கே கேட்கும் ஆழம் வேறு.

தாளை tnpsc.gov.in தளத்திலிருந்தே எடுங்கள். கூடவே இறுதி விடைக்குறிப்பையும் எடுங்கள். முதலில் வரும் தற்காலிகக் குறிப்பில் ஆட்சேபணைக்குப் பிறகு விடைகள் மாறுவதுண்டு. கடைகளில் விற்கும் தொகுப்புகளில் பழைய விடையே அப்படியே நின்றுவிடுகிறது. தமிழ் வாக்கியம் குழப்பினால் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் ஆங்கில வினாவைப் பாருங்கள். ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்பது தேர்வாணையத்தின் விதி.

2025 தாளை இப்போதைக்குத் திறக்காதீர்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது. முதலில் 2022, 2024 தாள்களை விடைக்குறிப்பு பார்க்காமல் நேரம் வைத்து எழுதுங்கள். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் 'தெரியும்' அல்லது 'குத்துமதிப்பு' என்று ஒரு குறி போடுங்கள். இதை விட்டால் பிறகு செய்யும் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே நான்கில் ஒன்று சரியாகும். குத்துமதிப்பாகச் சரியானதை 'தெரியாதது' கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

பிறகு ஒரு நீள நோட்டில் வினாவுக்கு ஒரு வரி. எண், அலகு, தலைப்பு, கேட்ட விதம் (நேர்வினா, பொருத்துக, கூற்று-காரணம், காலவரிசை, தவறான இணை), உங்கள் முடிவு என ஐந்து கட்டங்கள். வினாவுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு தாளுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். எந்த வகுப்புப் புத்தகத்தில் எந்தப் பாடம் என்று தேடுவதுதான் நேரத்தைத் தின்னும். அதைத் தவறானவற்றுக்கும் குத்துமதிப்புகளுக்கும் மட்டும் செய்யுங்கள்.

2022, 2024 தாள்கள் பழைய பாடத்திட்டத்தில் வந்தவை என்பதால் அலகு எண்ணை மாற்றி எழுத வேண்டும். பழைய இந்திய வரலாறும் இந்திய தேசிய இயக்கமும் இப்போது ஒரே அலகு. பழைய பொருளாதாரமும் தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகமும் இப்போது ஒரே அலகு. நடப்பு நிகழ்வு வினாக்களில் ஒரு திட்டத்தையோ சட்டத்தையோ பற்றியவற்றை அந்தந்த அலகில் சேருங்கள். விருது, விளையாட்டு போன்றவற்றை ஓரமாக வைத்துவிடுங்கள்.

இரண்டு அலகுகளுக்கும் பொதுவாக நிற்கும் வினாக்கள் வரும். அவற்றை ஒரு தாளில் இங்கும் அடுத்த தாளில் அங்கும் எழுதினால் எண்ணிக்கை கோணலாகிவிடும். முதலிலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். நிதி ஆணையத்தை எடுத்துக்கொண்டால், எந்த உறுப்பு என்று கேட்டால் (280) ஆட்சியியல், மாநிலங்களுக்கு எத்தனை விழுக்காடு பகிர்வு என்று கேட்டால் (15வது ஆணையம் 41) பொருளாதாரம். உங்கள் ஊர்ப்பக்கத்து வேலூர்ப் புரட்சியும் இப்படித்தான். ஆங்கிலேயருக்கு எதிரான தொடக்ககாலக் கிளர்ச்சிகளைப் பாடத்திட்டம் தமிழ்நாட்டு அலகில் வைத்திருப்பதால் அதை அங்கேயே எழுதுங்கள்.

கேட்ட விதம் என்ற கட்டம் எதற்கு என்றும் அந்தப் புரட்சியை வைத்தே சொல்லலாம். 1806 ஜூலை 10 என்ற தேதியை மனப்பாடம் செய்தவர் நேர்வினாவில் தப்பிப்பார். ஆளுநர் கிராடக், படைத்தளபதி பெண்டிங் என்று பெயரை மாற்றிப்போட்டு 'தவறான இணை' கேட்டால் அந்தத் தேதி உதவாது. ஆளுநர் வில்லியம் பெண்டிங், தளபதி சர் ஜான் கிராடக், தலைப்பாகையை வடிவமைத்தவர் அக்னியூ, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அடக்கியவர் கில்லஸ்பி. இந்த நான்கு பெயர்களும் எழுந்து தங்களுக்குள் இடம் மாறி நின்றாலும் பிடிக்கத் தெரிய வேண்டும். காலவரிசை வினா என்றால் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799, திருச்சிராப்பள்ளி அறிக்கை வந்த 1801 ஆகியவற்றோடு சேர்த்து 1806ஐ நிறுத்த வேண்டும். உங்கள் நோட்டில் நேர்வினாக்கள் சரியாகவும் இணை வினாக்கள் தவறாகவும் இருந்தால், தலைப்பைப் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. அதே பாடத்தைப் பெயர், பதவி, ஆண்டு என்று மூன்று பத்தி பிரித்து ஒரு முறை எழுதினால் போதும். அது ஒரு மணி நேர வேலை.

தலைப்பை எவ்வளவு சிறிதாகப் பிரிப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'சுயமரியாதை இயக்கம்: 2022ல் 2, 2024ல் 0' என்று எழுதி, குறைந்துகொண்டே வருகிறது என்று முடிவுகட்டுகிறார்கள். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஏற்றம் இறக்கம் என்று எதுவும் சொல்ல முடியாது, அது வெறும் தற்செயல். 2022, 2024 தாள்கள் இரண்டிலும் சேர்த்து ஆறு வினாவாவது விழும் அளவுக்குத் தலைப்புகளைக் கூட்டிக் குழுவாக்குங்கள். அறிவியலில் அப்படிக் கூட்டினால் இரண்டு மூன்று குழுவுக்கு மேல் தேறாது. ஆகவே அங்கே அலசலே தேவையில்லை.

இப்போது 2022, 2024 நோட்டை வைத்து, ஆட்சியியல், பொருளாதாரம், தமிழ்நாட்டு அலகு ஒவ்வொன்றிலும் முதல் மூன்று குழுக்களை எழுதி மடித்து வையுங்கள். அடுத்த ஞாயிறு 2025 தாளை எழுதுங்கள். அந்த மூன்று அலகுகளின் 55 வினாக்களில் எத்தனை உங்கள் பட்டியலுக்குள் விழுந்தன என்று பாருங்கள். எண்ணியது சரியா என்ற உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கும். பாதிக்கு மேல் விழுந்தால் குழு பிரித்தது சரி. ஓர் அலகில் மட்டும் நாலைந்தே விழுந்தால் அந்த அலகில் தலைப்புகளை மிகச் சிறிதாக வெட்டிவிட்டீர்கள். இரண்டு குழுக்களை ஒன்றாக்கி மறுபடி பாருங்கள். அதன் பிறகு 2025 வினாக்களையும் நோட்டில் சேர்த்துவிடலாம்.

கடைசியாக நேரக் கணக்கு. அதிகம் வந்தது எது என்று பார்த்தால் போதாது. எத்தனை வந்தது, அதில் எத்தனை உங்களுக்குத் தெரியவில்லை, அதைச் சரிசெய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்று மூன்றையும் பார்க்க வேண்டும். தெரியாத வினாக்களை மணி நேரத்தால் வகுத்தால் வரிசை கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டு அலகில் மூன்று தாள்களிலும் 50 வினா கிடைத்ததாக, கணக்கைப் புரிந்துகொள்ள மட்டும், வைத்துக்கொள்வோம். இலக்கியமும் திருக்குறளும் 18, தெரியாதது 9. தொல்லியல் 8, தெரியாதது 5. கிளர்ச்சிகளும் விடுதலைப் போரும் 12, தெரியாதது 4. நீதிக்கட்சி, சுயமரியாதை, திராவிட இயக்கங்கள் 12, தெரியாதது 8. வெறும் எண்ணிக்கையில் இலக்கியம்தான் முதலில் நிற்கிறது. ஆனால் சங்க காலம் தொடங்கி இன்றுவரை பரந்து கிடக்கும் அதற்கு 40 மணி நேரமாவது வேண்டும். தொல்லியல் 8 மணி, கிளர்ச்சிகள் 10 மணி, இயக்கங்கள் 12 மணி என்று மதிப்பிடுவோம். வகுத்தால் இயக்கங்கள் 0.67, தொல்லியல் 0.63, கிளர்ச்சிகள் 0.40, இலக்கியம் 0.23. முதல் இரண்டு வாரத்தில் இயக்கங்கள், தொல்லியல் இரண்டையும் முடித்துவிடலாம். இயக்கங்கள் எல்லாம் 1916ல் நீதிக்கட்சி, 1921ல் வகுப்புவாரி அரசாணை, 1925ல் சுயமரியாதை இயக்கம் என்று சில ஆண்டு இடைவெளியில் கோத்த சங்கிலி. 1929ல் தொடங்கிய சென்னைப் பணியாளர் தேர்வாணையமும் அதில் ஒரு கண்ணி, இப்போது உங்களுக்குத் தேர்வு வைப்பது அதன் வழிவந்த ஆணையம்தான். இலக்கியத்தைக் கடைசிக்குத் தள்ளினாலும் அடியோடு விட வேண்டாம். தமிழ்ப் பகுதியிலும் அதில் ஒரு பங்கு பயன்படும் என்பதால் அந்த 40 மணியில் பாதியைத் தமிழ்க் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதினால் 0.23 என்பது 0.45 ஆகிக் கிளர்ச்சிகளுக்கு மேலே ஏறிவிடும்.

மணி நேர மதிப்பீடு முதலில் எல்லோருக்கும் தப்பும், பெரும்பாலும் குறைவாகவே போடுவோம். முதல் குழுவை முடித்ததும் உண்மையில் ஆன நேரத்தைப் பாருங்கள். 12 என்று போட்டது 18 ஆகியிருந்தால் மற்ற எல்லா மதிப்பீடுகளையும் ஒன்றரையால் பெருக்கி, மீதி நாட்களுக்குள் அடங்காத குழுக்களைப் பட்டியலின் அடியிலிருந்து வெட்டுங்கள். பேருந்தில் போகும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரணாம்பட்டு வழி நெரிசலில் நின்றுகொண்டு பெயர், ஆண்டு அட்டைகளைப் புரட்டலாமே தவிர, புதுப் பாடம் மண்டையில் ஏறாது.