வளைகுடா வாய்ஸ் மெசேஜைத் தமிழாக்குவது: கேள்வி பதில்

மதரஸாவில் ஏழு வருஷம் அரபி ஓதியிருக்கேன். துபாய் முதலாளி ஒருத்தர் டிரைவருக்கு அனுப்பின வாய்ஸை யாரோ அரபியில் எழுதிக் கொடுத்திருக்காங்க. படித்தால் "சீக்கிரம், பாஸ்போர்ட்டின் சட்டைப்பை, நடக்கிற பென்ஷன்" என்று வருது. எழுதினவர் தப்பா எழுதிட்டாரா?

எழுதினவர் சரியாகவே எழுதியிருக்கலாம். நீங்கள் அதை நூல் அரபியாகப் படித்திருக்கிறீர்கள். அமீரகப் பேச்சில் அந்த வரி இப்படித்தான் ஒலிக்கும்: "பாச்சிர் யீப் அல்ஜவாஸ் வய்யாக். மாஷி மஆஷ் ஹஷ்ஷஹர். உகுப் அல்ஈத் பஅதீக்."

பாச்சிர் என்றால் நாளைக்கு. அரபி எழுத்தில் "ச்" ஒலிக்கு இடமில்லை என்பதால் காஃப் போட்டு எழுதுவார்கள். அப்போது அது "சீக்கிரமான" என்ற நூல் சொல்லாகத் தெரியும். யீப் என்றால் கொண்டு வா. பலர் அதை ஜீம் போட்டு எழுதுவார்கள், நூல் வழக்கில் அந்த எழுத்துகள் சட்டைப்பையைக் குறிக்கும். மஆஷ் அரசாங்கத் தாளில் ஓய்வூதியம், அங்கே பேச்சில் மாதச் சம்பளம்.

ஆக: "நாளைக்கு பாஸ்போர்ட்டைக் கையோட கொண்டு வா. இந்த மாசம் சம்பளம் இல்லை. பெருநாளுக்கு அப்புறம் தருவேன்."

எழுத்தைப் பார்த்து நேராகத் தமிழாக்காதீர்கள். ஒலியைக் கேட்டு, ஒவ்வொரு வரியையும் பேசியபடியே தமிழ் எழுத்தில் ஒருமுறை எழுதுங்கள். பிறகு பொருளுக்குப் போங்கள். நடுவில் நூல் அரபிக்கு மாற்றினால் அங்கேதான் பிழை நுழையும்.

மாஷின்னா "சரி"தானே? சவூதில எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. "சரி, இந்த மாசச் சம்பளம்" என்று வராதா?

சவூதியிலும் எகிப்தியர் பேச்சிலும் நீங்கள் சொல்வது சரி. அமீரகத்திலும் ஓமானிலும் உள்ளூர்க்காரர் வாயில் அது "இல்லை" என்பதற்கும் வரும். குவைத்தி அதே இடத்தில் "மாக்கூ" என்பார், சவூதிக்காரர் "மாஃபி" என்பார்.

ஒலியில் கவனியுங்கள். மாஷி என்று சொல்லி நிறுத்தினால் பெரும்பாலும் "சரி". இடைவெளி இல்லாமல் பெயர்ச்சொல் தொடர்ந்தால் "இல்லை". பல நாட்டவரோடு பழகுகிற அமீரகக்காரர் இரண்டு பொருளிலும் சொல்வார். அதனால் இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துச் சம்பளம் மறுக்கப்பட்டது என்று முடிவு கட்டமாட்டேன். இங்கே அடுத்த வாக்கியம் "பெருநாளுக்கு அப்புறம் தருவேன்" என்பதால்தான் "இல்லை" உறுதியாகிறது.

"பஅதீக்" என்றால் "கொடுக்கிறேன்" என்று ஜோர்தான்கார நண்பர் சொல்றார்.

அவர் ஊர்ப் பேச்சில் முன்னால் வரும் "ப" நிகழ்காலம். வளைகுடாவில் அது எதிர்காலம். சம்பளத் தகராறில் இது பெரிய வேறுபாடு: ஒன்று கொடுத்துவருவதாகச் சொல்வது, மற்றது இனிக் கொடுப்பதாகச் சொல்வது. "ராஹ்" என்ற சொல்லும் இதே வகைதான். நூலில் "போனான்", பேச்சில் வினைக்கு முன் நின்றால் எதிர்காலம்.

ஈத் எது என்பதையும் விடாதீர்கள். ரமளான் பெருநாளுக்கும் ஹஜ் பெருநாளுக்கும் ஏறக்குறைய 70 நாள் இடைவெளி. மெசேஜ் தேதியைப் பாருங்கள். தமிழில் "பெருநாள்" என்று மட்டும் எழுதி, எந்தப் பெருநாள் என்ற உங்கள் ஊகத்தை அடிக்குறிப்பில் தனியாக வையுங்கள்.

என் தங்கச்சி குவைத்துல வீட்டு வேலை செய்றா. மேடம் அனுப்பின மெசேஜில் "அபீ" என்று ஆரம்பிக்குது, அப்பாவைப் பற்றி ஏதோ சொல்றாங்களா? சம்பளம் வராட்டி யார்கிட்ட போகணும்?

அப்பா இல்லைங்க. குவைத்தில் அபீ என்றால் "எனக்கு வேணும்". எழுத்தில் "என் அப்பா" என்பதும் இதுவும் ஒரே மாதிரி இருக்கும். பின்னால் பொருளோ வினையோ வந்தால் "வேணும்"தான். பெண்ணிடம் பேசும்போது "உன்னை, உனக்கு" என்பதன் கடைசி ஒலி "ச்" ஆகும், அதை ஜீமாக எழுதியிருப்பார்கள். "அபீச்" என்றால் "நீ எனக்கு வேணும்", அதாவது வந்து வேலை செய் என்பதாகவும் இருக்கலாம். முழு வரியையும் அனுப்புங்கள். புகார் வழிக்கு இந்தியத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவைக் கேளுங்கள். இலங்கையர் என்றால் இலங்கைத் தூதரகத்தை. மெசேஜை மட்டும் அழிக்கவேண்டாம், மூல ஒலி இருக்கட்டும்.

"நீ" போடணுமா "நீங்க" போடணுமா?

அரபியில் ஒருவரிடம் பேசும்போது பெரும்பாலும் "இன்த"தான், முதலாளிக்கும் டிரைவருக்கும் அதே. நூல் அரபிக் கடிதத்தில் மரியாதைப் பன்மை வரும். ஆகவே தமிழில் "நீ" என்று போட்டாலே கேட்பவருக்குத் திட்டு போலத் தோன்றலாம். நான் குரலின் தொனியையும் உறவையும் பார்த்துப் போடுவேன். "தால் உம்ரக்" வந்தால் "ஐயா" சேர்த்து "நீங்கள்" எழுதுவேன். ஆயுள் நீளட்டும் என்று விரிக்கமாட்டேன். புகாருக்கான தாளில் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் என்னோடு ஒத்துப்போகாமல் போகலாம், அவர்கள் "நீ" என்றே நிலைநிறுத்துவதும் உண்டு.

"முப்", "மூ" போன்ற சின்னச் சொற்கள் எழுத்தில் விட்டுப்போனால்?

அர்த்தம் தலைகீழாகும். அமீரகத்தில் "முப் லாஸிம்" என்றால் தேவையில்லை. "முப்" விழுந்தால் "கட்டாயம்". கட்டளையும் மறுப்பும் வரும் இடங்களை மட்டுமாவது பாதி வேகத்தில் மறுபடி கேளுங்கள். கேட்காத சொல்லுக்கு "00:14, தெளிவில்லை" என்று நேரத்தைக் குறித்து விடுங்கள்.