மூன்று பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு வெளியீடு: கிட் கிளைகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் மூன்று பேர், ஒரே வலைச் செயலி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை வெளியிடுகிறோம். முந்தைய வேலையில் பழகிய கிட்-ஃப்ளோவையே இங்கும் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். அந்த முறையை 2010-இல் எழுதிய வின்சென்ட் டிரீசனே, 2020-இல் அதே கட்டுரையின் தலைப்பகுதியில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்: தொடர்ந்து வெளியிடப்படும் வலைச் செயலிகளுக்கு இதைவிட எளிய முறையே போதும் என்று. `develop`, `main` என இரண்டு நிரந்தரக் கிளைகள் இருந்தால் ஒவ்வொரு வெளியீட்டையும் இரண்டு இடங்களில் இணைக்க வேண்டும். மூன்று பேர் குழுவில் அந்த இரண்டாவது இணைப்பு யாருடைய வேலையாகவும் இருக்காது.

`main` ஒன்று போதும். வேலைக்கிளைகள் அதிலிருந்து பிரிந்து, இரண்டு மூன்று நாளுக்குள் இன்னொருவர் பார்த்த பிறகு ஒரே கமிட்டாகச் சுருங்கி அதிலேயே சேரட்டும். வெளியீட்டு வாரத்தின் செவ்வாய் மதியம் வெளியீட்டுக் கிளையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

```
git switch main
git pull
git switch -c release/1.8
git push -u origin release/1.8
```

அதன் பிறகு `release/1.8`-க்குள் திருத்தங்கள் மட்டுமே போகும், புதிய வசதி எதுவும் போகாது. `main` திறந்தே இருக்கும். மற்ற இருவரும் அடுத்த இரு வார வேலையை உடனே தொடங்கலாம். இந்தக் கிளையைப் பிரிப்பதே அதற்காகத்தான். வியாழன் காலை, சோதனையில் தேறிய கமிட்டுக்கு `v1.8.0` என்று டேக் இட்டு வெளியிடுங்கள்.

கேள்வி: நாங்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்கிறோம். ஆனால் புதன்கிழமை பிழை கிடைத்தால் வெளியீட்டுக் கிளையிலேயே திருத்திவிட்டு, வெளியீடு முடிந்ததும் அந்தக் கிளையை `main`-இல் இணைக்கிறோம். சரிதானே?

கிளை பிரிப்பது சரி. திருத்தம் போகும் திசையைத்தான் மாற்றச் சொல்வேன். வெளியீடு முடிந்த வியாழன் மாலையில் எல்லோரும் களைத்திருப்பார்கள். அன்று அந்த இணைப்பு ஒருமுறை விட்டுப்போனாலும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் 1.8 நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வாரம் கழித்து 1.9 வெளியானதும், "இதைப் போன முறையே சரிசெய்தீர்களே" என்று வாடிக்கையாளர் கேட்பார். சரிசெய்த பிழை அடுத்த பதிப்பில் திரும்பி வந்தால் முதலில் இந்த இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் `main`-இல் திருத்துங்கள், பிறகு அந்த ஒரு கமிட்டை மட்டும் வெளியீட்டுக் கிளைக்கு எடுத்துச் செல்லுங்கள். மறதி அப்போதும் வரும். ஆனால் பாதிக்கப்படுவது நாளை வெளியாகப்போகும் கிளை என்பதால், அதைச் சோதிப்பவர் கண்ணில் உடனே படும்.

கேள்வி: வெளியீடு முடிந்த அடுத்த திங்களன்று பில் தொகையில் வரி தவறாக முழுமையாக்கப்படுவது தெரியவந்தது. அதற்குள் `main`-இல் தள்ளுபடி வசதி பாதி வேலையாக நிற்கிறது. எப்படி வெளியிடுவது?

முதலில், வெளியான பதிப்பிலேயே பிழை தெரிகிறதா என்று பாருங்கள். `git switch --detach v1.8.0` கொடுத்து அதே பில்லைப் போடுங்கள். பலர் இதைச் செய்யாமல் `main`-இல் தேடுவார்கள். அங்கே தள்ளுபடி வேலை கணக்கை ஏற்கெனவே மாற்றியிருக்கும், வேறொரு பிழையைத் துரத்திக்கொண்டிருப்பார்கள்.

பிழை உறுதியானதும் `main`-இலிருந்து ஒரு சிறு கிளை பிரித்து, அந்த பில்லையே ஒரு சோதனையாக எழுதித் திருத்துங்கள். கிளை `main`-இல் சேர்ந்ததும் கிடைக்கும் கமிட் எண் `4e1c9ab` என்று வைத்துக்கொள்வோம்.

```
git switch release/1.8
git pull
git cherry-pick -x 4e1c9ab
```

இந்தக் கிளையில் எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்டுங்கள். `main`-இல் தேறியது இங்கும் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தேறினால்:

```
git tag -a v1.8.1 -m "வரி முழுமையாக்கல் திருத்தம்"
git push origin release/1.8 v1.8.1
```

தள்ளுபடி வேலையின் ஒரு வரிகூட வாடிக்கையாளரிடம் போகாது. `-x` இருப்பதால் மூல கமிட்டின் எண் செய்தியின் அடியில் பதிந்துவிடும். எந்தத் திருத்தம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேட அதுதான் நேரடித் தடயம். வேலைக்கிளையை ஒரே கமிட்டாகச் சுருக்கச் சொன்னதும் இதற்காகவே. ஏழு கமிட்டாகச் சிதறிக் கிடந்தால் ஏழையும் வரிசை மாறாமல் எடுக்க வேண்டும்.

கேள்வி: சொல்வது எளிது. எங்களிடம் தள்ளுபடி வேலை அந்தக் கணக்குக் கோப்பையே மாற்றி எழுதிவிட்டது. `cherry-pick` மோதுகிறது. அப்போதும் `main`-தான் முதலிலா?

இல்லை. பழைய நிரலும் புதிய நிரலும் வெவ்வேறு உருவத்தில் இருந்தால் `release/1.8`-இலேயே திருத்தி வெளியிடுங்கள். `main`-இல் அதே சோதனையைச் சேர்த்து, அங்கே தேவைப்படும் திருத்தத்தைத் தனியாக எழுதுங்கள். இரண்டையும் ஒருவரே, ஒரே நாளில் முடிக்க வேண்டும். அடுத்த வெளியீட்டுக் கிளையைப் பிரிக்கும் முன் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
git cherry -v main release/1.8
```

`-` குறியுள்ள கமிட்டுக்கு இணையான மாற்றம் `main`-இல் இருக்கிறது. `+` குறியுள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். கிட் இங்கே மாற்றங்களின் உள்ளடக்கத்தைத்தான் ஒப்பிடுகிறது. எனவே மோதலைத் தீர்த்து எடுத்த கமிட்டும், தனியாக எழுதிய திருத்தமும் `main`-இல் ஒழுங்காக இருந்தாலும் `+` என்றே தெரியலாம்.

கேள்வி: எங்களுக்கு ஆறு வாடிக்கையாளர்கள், ஆளுக்கொரு கிளை வைத்திருக்கிறோம். இதிலும் செவ்வாய்க்கிழமை பிரிக்கலாமா?

உங்கள் சிக்கல் வேறு. மேலே சொன்னது ஒரே நேரத்தில் ஒரே பதிப்பு புழக்கத்தில் இருக்கும் குழுவுக்கு. ஆறு கிளைகளும் ஆறு விதமாக வளர்ந்துகொண்டே போனால் எந்த நாளில் பிரித்தாலும் பயனில்லை. வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறுபவற்றை அமைப்புக் கோப்புக்கு நகர்த்தி, நிரலை ஒன்றாக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: செவ்வாய்க்குள் முடியாத வேலையை என்ன செய்வது? முடியும் வரை தன் கிளையிலேயே இருக்கட்டும் என்கிறார் எங்கள் மூத்தவர்.

இரண்டு மூன்று நாள் வேலை என்றால் அவர் சொல்வது சரி. அது அடுத்த வெளியீட்டில் போகட்டும். மூன்று வார வேலை என்றால் அந்தக் கிளை `main`-ஐ விட்டு வெகுதூரம் விலகிவிடும், கடைசியில் இணைக்கவே ஓரிரு நாள் போகும். அதைத் துண்டு துண்டாக `main`-இல் சேர்த்து, பயனருக்குத் தெரியாதபடி ஆன்/ஆஃப் செய்யக்கூடிய ஒரு அமைப்பால் மூடி வையுங்கள். ஒரு எச்சரிக்கை: தரவுத்தள அட்டவணையை மாற்றும் வேலையை இப்படி மூட முடியாது. புதிய பத்தியைச் சேர்ப்பதை ஒரு வெளியீட்டிலும், பழைய பத்தியை நீக்குவதை அதற்கடுத்த வெளியீட்டிலும் வையுங்கள்.

கேள்வி: மேற்சொன்னவரின் குழுவில்தான் நானும் இருக்கிறேன். மூடிவைத்த அமைப்புகள் பதினொன்று சேர்ந்துவிட்டன. எதை நீக்கலாம் என்று யாருக்கும் தெரியவில்லை. இது கிளையைவிடப் பெரிய தலைவலி இல்லையா?

ஆகலாம், மறுக்கவில்லை. மூடும் நாளிலேயே, அதை நீக்கும் வேலையையும் தன் பெயரில் எழுதிவைப்பவர் மட்டுமே மூடலாம் என்று விதி வைத்த குழுக்களில் ஓரளவு கட்டுக்குள் இருந்தது. வேலை நெருக்கடியில் அந்த விதியும் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். பதினொன்றும் தீரும் வரை புதியதாக எதையும் மூடாமல், உங்கள் மூத்தவர் சொல்வதுபோல் கிளையிலேயே வைத்துக்கொள்வது உங்கள் குழுவுக்கு நல்லது. ஆனால் அந்தக் கிளைக்குள் `main`-ஐத் தினமும் காலையில் இழுத்துக்கொள்ளுங்கள்.