கேள்வி-பதில்: ஹெர்பிஸும் தாய்வீட்டுப் பிரசவமும்

போன வருஷம் இரண்டு முறை பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் கொப்புளம் வந்தது. இப்போது எட்டாவது மாதம். சிசேரியன்தானா? (குடியாத்தம்)

இல்லை. வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ, அது வருவதற்கு முந்தைய எரிச்சலோ குறுகுறுப்போ இருந்தால்தான் சிசேரியன். இல்லையென்றால் சுகப்பிரசவம். பழைய ஹெர்பிஸ் என்றால் அந்த வைரஸை எதிர்க்க உங்கள் உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போயிருக்கும். புண் இருக்கும்போதே பிறந்தாலும் தொற்றுவது நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான்.

கீழே புண்ணாக இருக்கிறது. ஹெர்பிஸா? (ஆற்காடு)

எத்தனையாவது மாதம், முதல் முறையா, எதுவும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? கடைசி மூன்று மாதத்தில் முதன்முறையாக வந்த ஹெர்பிஸ் என்றால் அது வேறு கதை. எதிர்ப்பொருள் உருவாகும் முன்பே பிரசவம் ஆனால் நூற்றில் முப்பது முதல் ஐம்பது குழந்தைகளுக்குத் தொற்றலாம். அங்கே சிசேரியன்தான் நல்லது. புண் காய்வதற்குள் போய், அதிலிருந்தே மாதிரி எடுத்து பிசிஆர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அக்கி என்று காவி பூசிக்கொண்டு போகாதீர்கள்.

ஹெர்பிஸுக்காக 36-வது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். ஐந்து நாள் போதும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். வளைகாப்பு முடிந்து போளூரில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். மாமியாருக்கு விஷயம் தெரியாது. (அணைக்கட்டு)

ஐந்து நாள் கணக்கு, வந்த புண்ணை ஆற்ற. உங்களுக்கு எழுதியது புண்ணே வராமல் தடுக்க. 400 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, பிரசவம் ஆகும்வரை. களிம்பு இதற்கு ஈடாகாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு எரிச்சல் வருவது அடுத்த விஷயத்தில். ஏழு மாதம் ஓரிடத்தில் பார்த்துவிட்டு, பிரசவத்துக்கு வேறு ஊர் போகிறோம். ஃபைலில் ஹெர்பிஸ் என்ற சொல்லே இருக்காது. மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று கர்ப்பிணியும் சொல்லவில்லை, டாக்டர்களும் எழுதவில்லை. மாத்திரையை மட்டும் சத்து மாத்திரைகளோடு எழுதிவிடுவார்கள். நள்ளிரவில் வலியோடு போகிறவரை அங்கே யார் விளக்கு அடித்துப் புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்? விஷயம் தெரியாமல், குழந்தையை வெளியே இழுக்க அதன் தலையில் வேக்குவம் வைத்தால், அந்தக் கீறல் வழியாகவும் வைரஸ் நுழையலாம்.

ஆகவே, இப்போதே தனியாக டாக்டரைப் பார்த்து ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். போளூரில் பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரிடமும் வலி வருவதற்கு முன்பே, தனியாகச் சொல்லிவிடுங்கள். புண் இருக்கும்போது பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். மாமியாருக்குத் தெரிய வேண்டியதில்லை. பிரசவ அறைக்குத் தெரிய வேண்டும்.

குழந்தை பிறந்து பத்து நாள். தாய்ப்பால் தரலாமா? (காட்பாடி)

மார்பில் புண் இல்லையென்றால் தரலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆறு வாரம்வரை காய்ச்சல், பால் குடிக்காமல் துவளுதல், வலிப்பு, தோலில் நீர்க்கொப்புளம், இதில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு ஹெர்பிஸ் உண்டு என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அசைக்ளோவிரை ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டியிருக்கும், தாமதித்தால் மூளை பாதிக்கும். வாயோரம் கொப்புளம் உள்ள பாட்டி, சித்தப்பா யாரானாலும் அது ஆறும்வரை குழந்தைக்கு முத்தம் கிடையாது.