மலை இறங்கிய மறுநாள் தொடை ஏன் வலிக்கிறது?

"ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு லெ பூஸ் மலைக்குப் போனேன். மோக்கா பக்கம் ஏறி, போர்ட் லூயிஸ் பக்கம் இறங்கினோம். அன்று இரவு நன்றாகத்தான் தூங்கினேன். திங்கள் மாலை தொடை வலிக்க ஆரம்பித்தது, செவ்வாய் படியில் இறங்கவே முடியவில்லை. லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது, காலை நன்றாக நீட்டி மடக்கினால் கரைந்துவிடும் என்கிறார்கள். உண்மையா? நாலு வாரத்தில் மறுபடி போகிறோம்."
— 42 வயது வாசகர், ரோஸ் ஹில், மொரிஷியஸ்

லாக்டிக் ஆசிட்டுக்கும் இந்த வலிக்கும் சம்பந்தம் கிடையாது. மூச்சு வாங்க ஏறும்போது அது ரத்தத்தில் கூடுவது உண்மைதான். ஆனால் ஓய்வாக உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போல் ஆவதற்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடும். திங்கட்கிழமை வரை தொடையில் தங்கியிருக்க வழியில்லை. இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஓடுபொறியைச் சரித்து வைத்து இறக்கத்தில் ஓடியவர்களுக்கு லாக்டிக் ஆசிட் அவ்வளவாகக் கூடவில்லை, இரண்டு நாள் கழித்து வலித்தது. சமதளத்தில் ஓடியவர்களுக்கு அது கூடியது, வலி அவ்வளவாக இல்லை.

உங்கள் வலிக்குக் காரணம் இறக்கம்தான். லெ பூஸ் 812 மீட்டர் உயரம். மோக்கா பக்கம் கிளம்பும் இடமே கொஞ்சம் மேட்டில் இருப்பதால் ஏற்றம் குறைவு. போர்ட் லூயிஸ் பக்கமோ கடல் மட்டத்தை நெருங்கும் வரை இறங்க வேண்டும். ஏறியதைவிட நீங்கள் இறங்கியது அதிகம்.

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை வேறு விதமாக வேலை செய்கிறது. ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மடங்க, மடங்க தசை நீள்கிறது. நீண்டுகொண்டே உடம்பின் எடையையும் தாங்க வேண்டும். சரிவில் உருளும் கரும்பு வண்டியைப் பின்னால் நின்று இழுத்துப் பிடிப்பது மாதிரியான வேலை அது. இந்த வேலைக்கு உடம்பு குறைவான தசை இழைகளையே பயன்படுத்துகிறது, அதனால் ஒவ்வொரு இழைக்கும் பாரம் கூடுகிறது. மூச்சு வாங்காததால் சிரமமும் தெரியாது. ஆனால் இழைக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகள் சில இடங்களில் அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைகின்றன, இழைகளைச் சுற்றியுள்ள மெல்லிய உறையும் இழுபடுகிறது.

அந்தச் சிதைவு நடந்தது ஞாயிற்றுக்கிழமை. ஆனால் வலி அதனால் நேரடியாக வருவதில்லை. குலைந்த இடத்தைச் சரிசெய்ய ரத்தத்திலிருந்து அணுக்கள் வந்து சேர்கின்றன, லேசாக நீர் கோத்துக்கொள்கிறது, அங்கே சுரக்கும் சில பொருட்கள் நரம்பு நுனிகளைக் கூச்சம் மிக்கதாக ஆக்குகின்றன. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும், அதனால்தான் வலி திங்கள் மாலை வந்தது. நரம்பு நுனிகள் கூசுவதால்தான் சும்மா உட்கார்ந்திருந்தால் வலி இல்லை, விரலால் அழுத்தினாலோ படியில் கால் வைத்தாலோ உயிர் போகிறது. பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? நீட்டிப் பயிற்சியால் பெரிய பலன் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வலியை நூறு என்று வைத்துக்கொண்டால் ஓரிரண்டு புள்ளிதான் குறைகிறது. முரட்டுத்தனமாக இழுத்தால், ஏற்கெனவே இழுபட்ட தசையை இன்னும் இழுக்கிறீர்கள். அதற்குப் பதில் சமதளத்தில் 15, 20 நிமிடம் நிதானமாக நடங்கள். நடக்கும்போதும் அதற்குப் பின் கொஞ்ச நேரமும் வலி குறையும். இதனால் காயம் சீக்கிரம் ஆறிவிடாது, ஆனால் அன்றாட வேலை ஓடும். லேசாக நீவி விடுவதற்கும் ஓரளவு பலன் உண்டு. வீட்டில் யாராவது தைலம் தடவி, இருபுறமும் பத்து நிமிடம் மெதுவாக நீவினால் போதும், அழுத்திப் பிசைய வேண்டாம். வெந்நீர்க் குளியல் இதமாக இருந்தால் செய்யுங்கள். தாங்கவே முடியாவிட்டால் பாரசிட்டமால் போடலாம்.

இபுபுரூஃபன் மாதிரி மாத்திரையை இங்கே யோசிக்காமல் எடுக்காதீர்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். வெயிலில் நடந்து உடம்பில் நீர் வற்றியிருந்தால் அது சிறுநீரகத்துக்குக் கெடுதல். இன்னொன்று, நம் தீவில் டெங்குவும் சிக்குன்குனியாவும் வந்து போகின்றன. மலைக்குப் போன வாரத்தில் காய்ச்சலோடு உடம்பு முழுக்க வலித்தாலோ, தசையைவிட மூட்டுகள் வலித்தாலோ, அதை மலை மீது போடாமல் டாக்டரிடம் போங்கள். டெங்கு இல்லை என்று தெரியும் வரை இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் வேண்டாம், ரத்தப்போக்குக்கு வழிவிடும்.

சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள். பால் விடாத தேநீர் நிறத்தில் போனாலோ, தொடை வீங்கி இறுகியிருந்தாலோ, காலைத் தூக்கவே பலம் இல்லாமல் போனாலோ, மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தசை அளவுக்கு மீறிச் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் காத்திருக்கக் கூடாத விஷயம். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதையும் உடனே காட்டுங்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம்.

வலி போனதும் பலம் திரும்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஞாயிறு மாலையே உங்கள் தொடையின் பலம் குறைந்திருக்கும், வலி அடங்கிய பிறகும் சில நாள் அது முழுசாகத் திரும்பாது. இந்த நாட்களில் முழங்கால் திடீரென்று மடங்கிக் கீழே விழவும் வாய்ப்பு உண்டு. இந்த வாரம் படியில் கைப்பிடியை விடாதீர்கள்.

நாலு வாரம் கையில் இருப்பது நல்லது, ஏனென்றால் உண்மையில் வேலை செய்யும் மருந்து முன்கூட்டியே கொஞ்சம் இறங்கிப் பழகுவதுதான். ஒருமுறை இப்படி இழுபட்டு ஆறிய தசை, அடுத்த முறை அதே வேலைக்கு மிகக் குறைவாகவே சிதைகிறது. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும். ஆக, போன ஞாயிறு பட்ட பாடே உங்களுக்குப் பாதி தயாரிப்பு. மீதிக்கு உங்கள் ஆபீஸ் மாடிப்படி போதும். வலி முழுசாக அடங்கிய பிறகு, லிஃப்டில் ஐந்தாவது மாடிக்குப் போய்ப் படியில் இறங்குங்கள். இரண்டு தடவை செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் கழித்து மூன்று தடவை, அடுத்த வாரம் ஐந்து. மறுநாள் லேசாகப் பிடித்துக்கொண்டால் பரவாயில்லை. படியில் இறங்க முடியாத அளவுக்கு வலித்தால் அளவு கூடிவிட்டது, பாதியாகக் குறையுங்கள். மலைக்குப் போகும் வாரம் எதுவும் செய்ய வேண்டாம்.

அன்று இரண்டு ஊன்றுகோல் கொண்டு போங்கள். இறக்கத்தில் ஓடாமல், குதிக்காமல், சின்னச் சின்ன அடியாக வையுங்கள். எட்டி வைத்தால் முழங்கால் அதிகம் மடங்கும், தசையும் அதிகம் இழுபடும். எல்லோரும் சம்மதித்தால் மோக்கா பக்கமே ஏறி அந்தப் பக்கமே இறங்கிவிடுங்கள். இறக்கம் குறைவு, சரிவும் அவ்வளவு செங்குத்து இல்லை.