பிவோட் ஒரு கணக்கு, SUMIF ஒரு கணக்கு: 24,450 ரூபாய் எங்கே போச்சு?

கேள்வி: ஐயா, 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும் வூட்டுச் செலவு அத்தனையும் எக்செல்ல எழுதி வெச்சிருக்கறனுங்க. மொத்தம் 860 வரி. வகைவாரியா கூட்டறதுக்கு SUMIF போட்டா 4,88,190 வருது. பிவோட் டேபிள் போட்டா 5,12,640 காட்டுது. ரெண்டுமே ஒரே லிஸ்ட்ல இருந்துதான் எடுத்தேன். எதைங்க நம்பறது? ஃபைலையும் அனுப்பியிருக்கறேன்.
— வாசகி, பெருந்துறை

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம் அம்மணி. பிவோட் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அந்த வருடம் வெளியே போன தொகை 5,20,000. ஃபைலைத் திறந்து வரி வரியாகப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் SUMIF. A-யில் தேதி, B-யில் விவரம், C-யில் வகை, D-யில் தொகை எழுதியிருக்கிறீர்கள். வலது பக்கம் H2 முதல் H13 வரை பன்னிரண்டு வகைகளை வரிசையாக வைத்து, I2-வில் இப்படிப் போட்டிருக்கிறீர்கள்:

```
=SUMIF(C2:C861,H2,D2:D861)
```

இந்த ஒரு கட்டத்தில் தப்பே இல்லை. அதைப் பிடித்துக் கீழே இழுத்தபோதுதான் சிக்கல். H2 என்பது H3, H4 என்று இறங்க வேண்டும், சரி. ஆனால் C2:C861-உம் கூடவே இறங்கிவிட்டது. வாடகை இருக்கும் எட்டாவது வரிக்கு வரும்போது சூத்திரம் C8-இல் இருந்துதான் தேட ஆரம்பிக்கிறது. நீங்களோ ஏப்ரல் 1-ஆம் தேதி கொடுத்த வாடகையை லிஸ்டின் மூன்றாவது வரியில் எழுதியிருக்கிறீர்கள். அது SUMIF கண்ணில் படவே இல்லை. அதனால்தான் வாடகை 1,08,000-க்குப் பதில் 99,000 என்று நிற்கிறது. மாதம் 9,000 கொடுக்கிற வீட்டுக்கு வருடத்தில் பதினொரு மாத வாடகை எப்படி வரும்? இதைப் பார்த்ததுமே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பத்தாவது வரியில் இருக்கும் பெட்ரோலுக்கும் இதே கதி: ஆறாவது வரியில் எழுதிய 500 ரூபாய் விட்டுப்போயிருக்கிறது. ஆக மொத்தம் 9,500.

நகராமல் கட்டிப் போட டாலர் குறி வேண்டும். சூத்திரத்துக்குள் C2:C861 முழுவதையும் தேர்ந்தெடுத்து F4 தட்டினால் தானாக விழும். D-க்கும் அப்படியே.

```
=SUMIF($C$2:$C$861,H2,$D$2:$D$861)
```

H2-வுக்கு டாலர் போடக் கூடாது. போட்டால் பன்னிரண்டு வரியிலும் ஒரே வகையின் தொகைதான் வரும்.

அடுத்தது மளிகை. உங்கள் பிவோட்டில் மளிகை என்ற பெயர் இரண்டு வரிகளில் இருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஏழு வரிகளில் ‘மளிகை’க்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்லைத் தேர்ந்தெடுத்ததும் ஃபோன் கீபோர்டு தானே ஒரு இடைவெளி விடும், அதனால் வந்தது. பிவோட் அதை வேறொரு வகையாக எண்ணித் தனி வரி கொடுத்துவிட்டது, தொகை தொலையவில்லை. SUMIF அப்படி இல்லை. H-இல் இருக்கும் சொல்லோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் கூட்டும். ஏழு வரியும் சேர்ந்து 6,450 ரூபாய் கழன்றுவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளியைப் பிடிக்க LEN உதவும். நமக்கு மளிகை மூன்றெழுத்து. எக்செல் ம, ள, இகரக் குறி, க, ஐகாரக் குறி என்று ஐந்தாக எண்ணும். `=LEN(C45)` போட்டு 6 வந்தால் அங்கே இடைவெளி ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். சுத்தம் செய்யக் காலியான ஒரு பத்தியில் இதைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=TRIM(SUBSTITUTE(C2,CHAR(160)," "))
```

வெறும் TRIM போதாதா என்று கேட்கலாம். பேங்க் ஸ்டேட்மென்டிலோ வலைப்பக்கத்திலோ இருந்து ஒட்டிய எழுத்தில் வேறு வகை இடைவெளி ஒன்று வரும். அதை TRIM தொடாது. அதற்காகத்தான் CHAR(160) மாற்றம். வந்த விடையைக் காப்பி செய்து, C பத்தியின் மேலேயே Paste Special போய் Values என்று ஒட்டுங்கள். பிறகு பிவோட் மேல் வலது க்ளிக் செய்து Refresh கொடுக்க வேண்டும். லிஸ்டைத் திருத்தினால் SUMIF உடனே மாறும். எக்செல் பிவோட் பெரும்பாலும் நாம் சொல்லும்வரை பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும். திருத்தியும் மாறவில்லையே என்று பலர் திகைப்பது இங்கேதான்.

மிச்சம் இருப்பது 8,500. அது மொய். H பத்தியில் நீங்கள் எழுதிய பன்னிரண்டு வகையில் மொய் இல்லவே இல்லை. ஆவணியில் ஒன்று, தையில் இரண்டு என்று வரும்போது லிஸ்டில் எழுதிவிட்டீர்கள், வகைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டீர்கள். பிவோட் லிஸ்டில் உள்ள எல்லா வகையையும் தானே பொறுக்கி எடுக்கும். SUMIF கேட்டதை மட்டும்தான் கூட்டும். மொய்யை H14-இல் சேர்த்து சூத்திரத்தை அதுவரை இழுங்கள். 9,500, 6,450, 8,500 மூன்றையும் கூட்டினால் நீங்கள் தேடிய 24,450 வந்துவிடும்.

இனி இப்படித் தேட வேண்டியதில்லை. E2-வில் `=COUNTIF($H$2:$H$14,C2)` போட்டு 861 வரை இழுத்து, விடை 0 வரும் வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பட்டியலில் இல்லாத வகை, எழுத்துப் பிழை, ஒட்டிய இடைவெளி மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

இப்போது இரண்டும் 5,12,640 என்று ஒத்துப்போகும். ஆனாலும் கணக்கு சரியாகிவிடவில்லை. D பத்தியில் நான்கு இடத்தில், ரசீதில் இருந்தபடியே ‘2,400/-’ என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எக்செலுக்கு அது எண்ணே அல்ல, எழுத்து. SUM, SUMIF, பிவோட் மூன்றுமே அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். மூன்றும் ஒரே தப்பைச் செய்வதால் விடை ஒத்துப்போய் நம்மை ஏமாற்றும். பிவோட் இதை முதலிலேயே உங்களுக்குக் காட்டியது. தொகையை Values பெட்டிக்கு இழுத்தபோது கூட்டலுக்குப் பதில் Count வந்திருக்கும், நீங்கள் Value Field Settings போய் Sum என்று மாற்றியிருக்கிறீர்கள். எண்கள் மட்டுமே உள்ள பத்தியில் எக்செல் தானாகவே Sum போடும். Count வந்தால் உள்ளே எழுத்தோ காலிக் கட்டமோ இருக்கிறது என்று பொருள்.

```
=COUNTA(D2:D861)-COUNT(D2:D861)
```

இதற்கு 0 வர வேண்டும். உங்களுக்கு 4 வருகிறது. D பத்தியைத் தேர்ந்தெடுத்து, Ctrl+H தட்டி, ‘/-’ என்பதைத் தேடி, மாற்றுவதைக் காலியாக விட்டு Replace All கொடுங்கள். நான்கும் எண்ணாகி வலப்பக்கம் ஒதுங்கும். ஒதுங்காவிட்டால் அந்தக் கட்டத்தின் வடிவம் Text என்று இருக்கும். General ஆக்கித் தொகையை மறுபடி அடியுங்கள். இந்த நான்கு வரியில் இருந்த 7,360-ஐயும் சேர்த்தால்தான் 5,20,000.

இதே சோதனையைத் தேதிப் பத்திக்கும் போட்டுப் பார்த்தேன், 0 வந்தது. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 13/04/2024 எழுத்தாகவே நின்றுவிடும். மோசம் அதைவிட 04/05/2024: மே 4 என்று நாம் எழுத, அது ஏப்ரல் 5 என்று எடுத்துக்கொள்ளும், ஒரு எச்சரிக்கையும் வராது. உங்கள் லிஸ்ட் தேதி வரிசை குலையாமல் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

மாதவாரியாகப் பார்க்க, பிவோட்டில் வகையை Rows பெட்டியிலும் தேதியை Columns பெட்டியிலும் விடுங்கள். தேதி ஒன்றின் மேல் வலது க்ளிக் செய்து Group போய், Months, Years இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். Months மட்டும் என்றால் ஜனவரி முன்னால் வந்து உங்கள் ஏப்ரல்–மார்ச் வரிசை கெட்டுவிடும். அடுத்த வருடத்தை இதே லிஸ்டில் தொடர்ந்தால் இரண்டு ஏப்ரலும் ஒன்றாகக் கலந்தும் போகும். ஏதாவது ஒரு தொகை உறுத்தினால் அந்தக் கட்டத்தை இருமுறை க்ளிக் செய்யுங்கள். அதற்குள் இருக்கும் வரிகள் மட்டும் புதுத் தாளில் விரியும். பிவோட்டில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

பணக் கணக்குக்கு வருவோம். 5,20,000-இல் மாதம் 5,000 வீதம் கட்டிய சீட்டு 60,000 இருக்கிறது. அதைச் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். சீட்டு எடுக்காதவரை அது சேமிப்புதான். ‘சேமிப்பு’ என்று தனியே ஒரு வகைக்கு மாற்றிவிடுங்கள், உண்மையான செலவு 4,60,000 ஆகும். அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 38,333 என்று வைத்துக்கொண்டால் ஜூனில் இடிக்கும். பள்ளிக் கட்டணம் ஜூனில் 28,000, நவம்பரில் 22,000 போயிருக்கிறது. அதோடு மொய் 8,500, வண்டி இன்சூரன்ஸ் 1,500 சேர்த்தால் எப்போதாவது வந்து விழும் செலவு 60,000. மீதி 4,00,000-ஐ மாதம் 33,333 என்று ஓட்டிக்கொண்டு, 5,000-ஐ மட்டும் வேறு கணக்கில் மாதாமாதம் ஒதுக்கி வைத்தால், ஜூனில் சீட்டை அவசரமாகத் தள்ளி எடுக்க வேண்டியிருக்காது. முதல் வருடம் மட்டும் ஏப்ரல், மே இரண்டு மாத ஒதுக்கீடு ஜூனுக்குப் போதாது. 18,000 முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

புது வருட லிஸ்டை ஆரம்பிக்கும்போதே Ctrl+T தட்டி டேபிளாக மாற்றிவிடுங்கள். வரி கூடக்கூட டேபிளும் நீளும், 861 என்று எல்லை போட வேண்டியதில்லை:

```
=SUMIF(Table1[வகை],H2,Table1[தொகை])
```

வகைப் பத்திக்கு Data Validation போய் List தேர்ந்தெடுத்து H பட்டியலைக் கொடுத்தால், கையால் தப்பாக அடிப்பதைத் தடுத்துவிடும். ஆனால் வேறு இடத்தில் காப்பி செய்து ஒட்டுவதை அது தடுக்காது. ஆகவே அந்த COUNTIF பத்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.