நட்டத்தைச் சொல்லும் கடிதத்துக்கான நடை விதிகள்

"எங்கள் நிதி ஆலோசனை நிறுவனத்துக்கு எழுத்துநடை விதிகள் வகுக்கிறேன். தெளிவாக எழுதினால் கடிதம் விறைப்பாகிவிடுகிறது. கனிவு சேர்த்தால் மழுப்பலாகிறது. எங்கே தொடங்குவது?"

வணக்கம். நட்டத்தைத் தெரிவிக்கும் கடிதத்திலிருந்து தொடங்குங்கள். நடை குலைவது பெரும்பாலும் அங்கேதான். 'சந்தை ஏற்ற இறக்கத்தின் காரணமாக முதலீட்டு மதிப்பில் சரிவு காணப்படுகிறது' என்ற வரியை விறைப்பாக்குவது அதில் யாருமே இல்லாத செயப்பாட்டு வினை. (எவ்வளவு சரிவு என்பதையும் அது சொல்லவில்லை.) அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

'உங்கள் முதலீட்டின் மதிப்பு இந்தக் காலாண்டில் 8 சதவீதம் குறைந்துள்ளது. பங்கு விலைகள் இறங்கியதே காரணம். அடுத்த ஆண்டு உங்கள் மகளின் படிப்புக்கு எடுக்கவேண்டிய தொகையை நாம் வைப்புநிதியில் வைத்திருப்பதால், இந்தச் சரிவு அதைத் தொடவில்லை.'

கனிவு மூன்றாம் வாக்கியத்தில், வாடிக்கையாளரின் நோக்கத்தை நினைவில் வைத்திருப்பதில் இருக்கிறது. ஆகவே எண், காரணம், அவருக்கு அதன் பொருள் என்ற வரிசையையே விதியாக்குங்கள். 'கவலை வேண்டாம்', 'விரைவில் மீண்டுவிடும்' ஆகியவற்றைத் தடை செய்யுங்கள். பின்னது ஆறுதலாகத் தோன்றினாலும், படிப்பவர் அதை உத்தரவாதமாகவே எடுத்துக்கொள்வார். மூன்றாம் வாக்கியத்துக்கு எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால், அந்த வாடிக்கையாளரின் ஆலோசகரைக் கேட்காமல் கடிதம் வெளியே போகக் கூடாது.