பின்னேரம் மட்டும் கண் மூடுவது ஏன்? மயஸ்தீனியாவும் குளிசை நேரமும்

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது, கிளிநொச்சியில இருக்கிறம். மயஸ்தீனியா எண்டு சொல்லி பிரிடோஸ்டிக்மின் 60 மி.கி. குளிசை மூண்டு நேரமும் போடச் சொன்னவை. சாப்பிட்ட பிறகு காலமை 7, மத்தியானம் 1.30, இரவு 9 மணிக்குப் போடுறா. காலமை நல்லா இருக்கிறா. பின்னேரம் கண் மூடுது, இராச் சாப்பாட்டைச் சப்பேலாமல் பாதியில விட்டிடுறா. நரம்பில பிழையா, தசையில பிழையா? வேலை செய்யச் செய்ய ஏன் கூடுது? இந்தக் குளிசை நோயை மாத்துமா?

பதில்:

நரம்பும் தசையும் அம்மாவுக்கு நன்றாகவே இருக்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிழை.

நரம்பின் நுனி தசைநாரைத் தொடுவதில்லை. இடையில் ஒரு மில்லிமீற்றரின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. மூளையிலிருந்து கட்டளை வந்ததும், நரம்பு நுனி சின்னச் சின்னப் பைகளில் வைத்திருக்கும் அசற்றைல்கோலினை இந்த இடைவெளிக்குள் கொட்டும். எதிரே தசையின் மடிப்புகளின் உச்சியில் அதைப் பிடிக்கும் வாங்கிகள் நெருக்கமாக நிற்கும். அவை பிடித்ததும் தசையில் ஒரு சிறிய மின்னழுத்தம் எழும். அது குறித்த ஒரு மட்டத்தைத் தாண்டினால்தான் அந்த நார் சுருங்கும். தாண்டாவிட்டால் அரைவாசி சுருங்குவது என்று ஒன்று இல்லை, அந்த நார் அசையவே அசையாது. வேலை முடிந்த அசற்றைல்கோலினைக் கோலினெஸ்தரேசு என்ற நொதியம் உடனே வெட்டி அகற்றிவிடும்.

"வேலை செய்யச் செய்ய ஏன்" என்பதற்கான பதில், எங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயத்தில் இருக்கிறது. அடுத்தடுத்துக் கட்டளை வரும்போது யாருடைய நரம்பும் முதல் தடவை கொட்டிய அளவை இரண்டாம், மூன்றாம் தடவை கொட்டாது. உடனடியாக அவிழ்க்கத் தயாராக இருக்கும் பைகள் கொஞ்சம்தான், அவை குறைந்துகொண்டே போகும். சுகமான ஆளுக்கு இது தெரியாது, ஏனென்றால் அவரிடம் தேவைக்கு மேல் நிறைய மிச்சம் இருக்கிறது. விளங்குவதற்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். நார் சுருங்க 10 வேண்டும். சுகமான ஆளுக்கு முதல் தடவை 30 எழும், ஐந்தாம் தடவை 20 ஆகக் குறையும். இரண்டுமே 10க்கு மேல், அதனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அம்மாவுக்கு வாங்கிகள் குறைவு. முதல் தடவை 12 எழும், நார் சுருங்கும். ஐந்தாம் தடவை அதே விகிதத்தில் குறைந்து 8 ஆகும், அந்த நார் நின்றுவிடும். முதல் வாய்ச் சோற்றைச் சப்பும் தாடை பத்தாம் வாயில் ஏன் தொங்குகிறது என்பதன் கணக்கு இதுதான். கொஞ்சம் இளைப்பாறினால் பைகள் திரும்ப நிரம்பும், 12 திரும்ப வரும். நித்திரை கொண்டு எழும்பிய காலமையில் அம்மா நன்றாக இருப்பதும் இதனால்தான்.

நரம்புப் பரிசோதனையில் செய்ததும் இதையேதான். ஒரு நரம்பை விநாடிக்கு மூன்று தடவை மின்னால் தூண்டி, தசையின் எழுச்சி முதலாவதிலிருந்து நான்காவது, ஐந்தாவது தூண்டலுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 10 வீதத்துக்கு மேல் இறங்கினால் சந்தியில் பிழை என்று எடுப்பார்கள்.

சரி, வாங்கிகள் எங்கே போயின? காய்ச்சல் கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் பிறபொருளெதிரிகள், இந்த நோயில் சொந்த வாங்கிகளையே பிடிக்கின்றன. அதிகம் சேதம் செய்வது, பிறபொருளெதிரி ஒட்டிய இடத்துக்கு இரத்தத்தில் உள்ள நிரப்புப் புரதங்கள் வந்து சேர்ந்து தசையின் மேற்சவ்வில் துளை போடுவது. இதனால் வாங்கிகள் நிற்கும் மடிப்புகளே சிதைந்து தட்டையாகிவிடும். அத்துடன் ஒரு பிறபொருளெதிரிக்கு இரண்டு கைகள் இருப்பதால் அது பக்கத்துப் பக்கத்து வாங்கிகள் இரண்டைச் சேர்த்துப் பிடிக்கும். அப்படிச் சேர்த்துப் பிடித்த வாங்கிகளைத் தசை வழமையை விட விரைவாக உள்ளே இழுத்துச் சிதைக்கும். சில பிறபொருளெதிரிகள் அசற்றைல்கோலின் வந்து அமரும் இடத்தையே மறைத்து நிற்கும். நோய் உடம்பு முழுவதும் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 வீதமானோரின் இரத்தத்தில் இவை அகப்படும். மீதிச் சிலருக்கு மஸ்க் என்ற இன்னொரு புரதத்துக்கு எதிரானவை இருக்கும். அவர்களுக்குப் பிரிடோஸ்டிக்மின் பெரும்பாலும் நன்றாகப் பிடிக்காது. அதனால் எந்த வகை என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிகள் குறைந்திருப்பதை 1973இல் எண்ணிக் காட்டியது பாம்பு விஷத்தால். எங்கள் கட்டுவிரியனின் இனத்தைச் சேர்ந்த தாய்வான் பாம்பொன்றின் விஷம் இந்த வாங்கியில் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கதிரியக்க அடையாளம் போட்டு நோயாளிகளின் தசையில் எத்தனை ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். வன்னியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடமும் இருக்கிறது. இரவு நிலத்தில் பாயில் படுத்தவர் விடியக் கண் திறக்கேலாமல், வயிற்று நோவோடு எழும்பினால் கடி தெரியாவிட்டாலும் கட்டுவிரியனைத்தான் முதலில் நினைக்கவேண்டும். மயஸ்தீனியா பெரும்பாலும் காலமை குறைந்தும் பின்னேரம் கூடியும் இருக்கும், ஓர் இரவுக்குள் புதிதாக முளைக்காது.

இனிக் குளிசைக்கு வருவோம். பிரிடோஸ்டிக்மின் பிறபொருளெதிரியைத் தொடுவதில்லை, வாங்கியைக் கூட்டுவதும் இல்லை. அசற்றைல்கோலினை வெட்டும் அந்த நொதியத்தை மட்டும் சில மணி நேரம் தடுத்து வைக்கிறது. கொட்டியது இடைவெளிக்குள் கூட நேரம் நிற்பதால் இருக்கும் கொஞ்ச வாங்கிகள் திரும்பத் திரும்ப வேலை செய்யும், 8 என்பது 11 ஆகும். ஆகவே அது நோயை மாற்றாது, நாளைக் கடத்தும். குளிரும் இதே நொதியத்தை மந்தமாக்கும். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி மூடிய கண்மடலில் இரண்டு நிமிடம் வைத்தால் மடல் உயர்வது அதனால்தான். சித்திரை வெயிலில் அம்மாவுக்குக் கூடுவதும் இதே கணக்கின் மறுபக்கம்.

போட்டு 30 முதல் 45 நிமிடத்தில் வேலை தொடங்கும், மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். இப்போது அம்மாவின் நேரங்களைப் பாருங்கள். மத்தியானக் குளிசை 1.30க்கு. அதன் பலன் 5.30 அளவில் முடிந்துவிடும், கண் மூடத் தொடங்குவதும் அப்போதுதான். இராச் சாப்பாடு எட்டரைக்கு என்றால், உடம்பில் மருந்தே இல்லாத நேரத்தில் அவர் சப்புகிறார். சாப்பிட்டு முடித்து 9க்குப் போட்ட குளிசை, நித்திரையில் இருக்கும் ஆளுக்கு வேலை செய்கிறது. நோய் கூடிவிட்டது என்று பயப்படுவதற்கு முன் இதைத் திருத்தவேண்டும். கடைசிக் குளிசையை 7.45க்கு, மத்தியானக் குளிசையை 12.45க்கு மாற்றலாமா, பின்னேரம் 4 மணிக்கு நான்காவது ஒன்று சேர்க்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். நான்கு போட்டாலும் நாளுக்கு 240 மி.கி.தான். வழமையான மேல் எல்லை 360. வெறும் வயிற்றில் போட்டால் வயிறு முறுக்கும், ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கற்றோ போதும்.

தானாகக் கூட்டிப் போடுவதுதான் ஆபத்து. வயல்களுக்கு அடிக்கும் சில பூச்சிகொல்லிகள் தடுப்பதும் இதே நொதியத்தைத்தான். அளவு மீறினால் அந்த நஞ்சின் குறிகளே வரும்: எச்சில் ஊறும், வயிற்றால் போகும், தசை துடிக்கும், பிறகு பலவீனமே கூடும். குளிசை போட்டு ஒரு மணி நேரத்தில் இந்தக் குறிகளுடன் பலவீனம் கூடினால் மருந்து அதிகம் என்று சந்தேகிக்கவேண்டும். அடுத்த குளிசைக்கு முன் கூடினால் பெரும்பாலும் போதவில்லை என்று பொருள். இதைக் குறிக்க ஒரு கொப்பி வையுங்கள்: குளிசை நேரம், சாப்பிட்ட நேரம், கண் மூடிய நேரம். வைத்தியருக்கு இதைவிட உதவுவது வேறு குறைவு.

நோயின் வேரில் கைவைப்பவை வேறு மருந்துகள். பிரெட்னிசலோன் பிறபொருளெதிரி செய்யும் கலங்களை அடக்கும், ஆனால் பலன் தெரியக் கிழமைகள், முழுதாகத் தெரிய மாதங்கள். அதைத் தொடங்கி முதல் இரண்டு கிழமைக்குள் சிலருக்குப் பலவீனம் கூடும். அதனால்தான் வைத்தியர்கள் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். இதை முன்கூட்டியே தெரியாதவர்கள் "மருந்து ஒத்துவரேல்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. அசதயோபிரின் சேர்த்தால் பிரெட்னிசலோனைக் குறைக்கலாம், ஆனால் அதன் பலனுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். இடையில் இரத்த எண்ணிக்கையும் ஈரலும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அவசரத்துக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றிப் பிறபொருளெதிரியை வெளியே எடுப்பார்கள், அல்லது இம்யூனோகுளோபுலின் ஏற்றுவார்கள். இரண்டும் நாட்களில் வேலை செய்யும், கிழமைகளில் தீர்ந்துவிடும்.

நெஞ்சு சி.ரி. ஸ்கான் எடுத்தார்களா? நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில்தான் இந்தப் பிழையான நிர்ப்பீடனம் பலருக்குப் பழகுகிறது. பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் அங்கே கட்டியும் இருக்கும், கட்டி என்றால் எடுத்தே ஆகவேண்டும். கட்டி இல்லாதவர்களுக்கும் சுரப்பியை அகற்றுவது உதவும் என்று 126 பேரை மூன்று வருடம் பார்த்த ஆய்வு 2016இல் காட்டியது. அகற்றியவர்களுக்குப் பலவீனமும் குறைந்தது, பிரெட்னிசலோனும் குறைவாகவே தேவைப்பட்டது. அந்தப் பலன், வாங்கிக்கு எதிரான பிறபொருளெதிரி உள்ளவர்களுக்கே. அம்மாவின் வயதுக்கு இதைக் கேட்டுப் பார்ப்பது பொருத்தம்.

காய்ச்சல், சலக்கடுப்பு என்று வேறு இடத்தில் மருந்து எடுக்கும்போது முதலில் "மயஸ்தீனியா" என்று சொல்லச் சொல்லுங்கள். ஜென்டாமைசின், சிப்ரொபுளொக்சசின், அசித்ரோமைசின் போன்றவை சந்தியை மேலும் நலிவாக்கும். நாளத்தில் ஏற்றும் மக்னீசியமும் அப்படியே.

மூச்சுத் தசை களைப்பதுதான் உயிர் ஆபத்து, பெரும்பாலும் ஒரு தொற்றுக்குப் பின்னால் வரும். அம்மா நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று குறித்து வையுங்கள். தமிழ் எண்கள் நீளமானவை, ஆகவே ஆங்கிலக் கணக்கோடு ஒப்பிடாமல் அவருடைய சொந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அது பாதியாகக் குறைந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், தண்ணீர் மூக்கால் வந்தால், தலை நிமிர்ந்து நிற்காவிட்டால், எந்த நேரமென்றாலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். ஒட்சிசன் பார்க்க விரலில் மாட்டும் கருவி 97 காட்டுகிறது என்று விடியும்வரை பொறுத்திருக்க வேண்டாம். இந்த நோயில் அந்த எண் கடைசியில்தான் விழும்.